வீட்டுக்கும் பட்டறைக்கும் போன் போடும் வசூல் ஆட்கள்: கேள்வி பதில்

(பதில் சொல்பவர்: வங்கியில் கடன் வசூல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர், சேலம் அஸ்தம்பட்டி)

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து: கொலுசுப் பட்டறையில வேலை பாக்கறேன் சார். கிரெடிட் கார்டு மூணு மாசம் கட்டலை. காலைல ஆறரைக்கே கூப்பிடறாங்க. நேத்து எங்க முதலாளிக்கே போன் போட்டு, "உங்க ஆளு திருட்டுப்பய"ன்னு சொல்லிட்டாங்க. என்ன பண்றது?

இதில் இரண்டு தப்பு நடந்திருக்கிறது தம்பி, இரண்டுமே அவர்கள் பக்கம். காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் வசூலுக்காகக் கூப்பிடக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்ட் 12-ல் போட்ட சுற்றறிக்கையிலேயே இருக்கிறது. ஊரறிய அவமானப்படுத்துவது, வீட்டாரையும் நண்பர்களையும் தொல்லை செய்வது, பெயர் சொல்லாமல் மிரட்டுவது எல்லாமே அதே சுற்றறிக்கையில் தடை. ஏஜென்ட் வெளி ஆள்தானே என்று வங்கி கைகழுவ முடியாது. அவர் செய்ததற்கு வங்கிதான் பொறுப்பு.

ஆகவே ஏஜென்டோடு மல்லுக்கட்டாதீர்கள், அவருக்குப் பேசுவதுதான் தொழில். பெயர், ஏஜென்சி பெயர், அடையாள அட்டை எண் மூன்றையும் கேட்டுக்கொண்டு போனை வைத்துவிடுங்கள். பிறகு கார்டின் பின்பக்கம் உள்ள எண்ணுக்கு நீங்களே கூப்பிட்டு, "என் கணக்கு எந்த ஏஜென்சியிடம் இருக்கிறது?" என்று கேளுங்கள். வங்கி அதைச் சொல்லியாக வேண்டும். பாதி மிரட்டல்காரர்கள் இந்தக் கேள்வியிலேயே காணாமல் போவதைப் பார்த்திருக்கிறேன்.

இன்று இரவே ஒரு மெயில் போடுங்கள். வங்கியின் வலைத்தளத்தில் குறைதீர் அலுவலர் முகவரி இருக்கும். நீளமாக எழுத வேண்டாம், இப்படி இருந்தால் போதும்:

"என் கார்டு கணக்கில் பாக்கி இருப்பதை ஒப்புக்கொள்கிறேன். இன்ன தேதி காலை 6.32-க்கு இந்த எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. மறுநாள் மதியம் என் முதலாளியை அழைத்து என்னைத் திருடன் என்று சொன்னார்கள். அந்த அழைப்புகளின் ஒலிப்பதிவைச் சரிபார்த்து, என் வேலையிடத்துக்கு அழைப்பதை நிறுத்துங்கள். மாதம் இவ்வளவு கட்ட முடியும், தவணையாக மாற்றித் தாருங்கள்."

முதல் வரியையும் கடைசி வரியையும் விட்டுவிடாதீர்கள். கடனை மறைக்காத ஆள் என்று தெரிந்தால் புகாரைத் தட்டிக்கழிப்பது சிரமம். தேதியும் நிமிடமும் சரியாக இருந்தால்தான் பதிவைத் தேடி எடுக்க முடியும். அதனால் கால் லாக்கை ஸ்கிரீன்ஷாட் எடுத்து இணையுங்கள். வங்கி தரும் புகார் எண்ணைப் பத்திரப்படுத்துங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ cms.rbi.org.in-ல், வங்கிகள் மீதான புகாரை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம், கட்டணம் கிடையாது. ஆனால் வங்கியிடம் முதலில் எழுதாமல் நேராக அங்கே போனால் திருப்பிவிடுவார்கள்.

புகார் கொடுத்துவிட்டதால் வட்டி நிற்காது, சிபில் பதிவும் நிற்காது. அவமானப்படுத்துவதை மட்டும்தான் இது நிறுத்தும்.

சேலம் குகைப் பகுதியிலிருந்து: எதுக்கு சார் இவ்ளோ? கடன் சிவில் விவகாரம், ஜெயிலுக்கெல்லாம் அனுப்ப முடியாது. சிம்மைக் கழட்டி வீசிட்டா முடிஞ்சது.

முதல் பாதி சரி. கார்டு பாக்கிக்காக மட்டும் போலீஸ் யாரையும் கைது செய்யாது. "வாரன்ட் ரெடி, ஸ்டேஷன்லருந்து பேசறேன்" என்று வரும் போன்கள் பொய். ஆனால் கடனுக்குச் செக் கொடுத்து அது திரும்பினால் செலாவணி முறிச் சட்டத்தின் 138-வது பிரிவில் கிரிமினல் வழக்கு உண்டு. வங்கிக் கணக்கிலிருந்து தானாகத் தவணை எடுக்க ஒப்புதல் கொடுத்து, பணமில்லாமல் திரும்பினாலும் 2007-ம் வருஷப் பணப்பட்டுவாடா சட்டத்தின் 25-வது பிரிவில் அதே மாதிரி வழக்குப் போட வழி இருக்கிறது.

சிம்மை மாற்றினால் உண்மையான நோட்டீஸும் உங்களுக்கு வராது. ஏஜென்டுக்கு நீங்கள் கிடைக்காதபோதுதான் அடுத்த போன் மாமனார் வீட்டுக்குப் போகிறது.

ஏற்காட்டிலிருந்து: அண்ணா, ஒரு லோன் ஆப்ல 6,000 போட்டேன், கைக்கு 3,600தான் வந்துச்சு. ஏழே நாள்ல 6,000 கட்டுன்னாங்க. முடியலை. இப்ப என் தங்கச்சி போட்டோவை அசிங்கமா மாத்தி எஸ்டேட்ல கூட வேலை செய்றவங்களுக்கெல்லாம் வாட்ஸ்ஆப்ல அனுப்பறாங்க. காபி களத்துல தலைநிமிர முடியலைண்ணா.

தம்பி, மேலே சொன்ன வழி உனக்கு வேண்டாம், உன்னுடையது வேறு. 3,600-க்கு ஒரே வாரத்தில் 2,400 வட்டி கேட்பதும், போட்டோவை மாற்றி அனுப்புவதும் குற்றக் கும்பலின் வேலை. அங்கே மெயில் போடக் குறைதீர் அலுவலர் யாரும் இருக்க மாட்டார்.

நிச்சயப்படுத்திக்கொள்ள ஒரு வழி இருக்கிறது. ஒழுங்கான ஆப் என்றால் பின்னால் எந்த வங்கி, எந்த நிதி நிறுவனம் என்று கடனுக்கு முன்பே எழுத்தில் தந்திருக்கும். ரிசர்வ் வங்கி 2025 ஜூலையிலிருந்து தன் வலைத்தளத்தில் லோன் ஆப்களின் பட்டியல் வைத்திருக்கிறது, அதில் தேடு. ஒழுங்கான ஆப் உன் போன் நம்பர் பட்டியலையும் போட்டோக்களையும் தொடவே கூடாது. பணத்தைத் தனி ஆளின் யுபிஐ-க்கு அனுப்பச் சொன்னால் சந்தேகமே வேண்டாம்.

ஆப்பை உடனே அழித்துவிடாதே. கடன் விவரப் பக்கம், மிரட்டல் மெசேஜ், அனுப்பிய எண்கள், அவர்கள் கேட்ட யுபிஐ எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடு. 3,600 யார் பெயரிலிருந்து வந்தது என்று பாஸ்புக்கில் பார், போலீஸுக்கு அதுதான் நூல் நுனி. அதன் பிறகு ஆப்பை எடுத்துவிடு. அவர்கள் ஏற்கெனவே சுருட்டிய நம்பர்கள் அதனால் திரும்பி வராது. ஆகவே தெரிந்தவர்களுக்கு நீயே முந்திக்கொண்டு அனுப்பு: "என் போன் நம்பர்களை ஒரு மோசடி ஆப் திருடிவிட்டது. போலிப் படம் வந்தால் யாருக்கும் அனுப்பாமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து எனக்குத் தாருங்கள்."

பிறகு சைபர் குற்ற உதவி எண் 1930-க்குக் கூப்பிடு, cybercrime.gov.in-ல் பதிவு செய். அங்கே கிடைக்கும் புகார் எண்ணோடு தங்கையையும் கூட்டிக்கொண்டு சேலம் மாவட்ட சைபர் கிரைம் போலீஸுக்குப் போ. ஏற்காடு மாவட்டக் காவலில் வருகிறது, மாநகரக் காவலில் இல்லை. தங்கைக்கு நடந்ததைத் தங்கையின் புகாராகவே எழுதுங்கள். அவள் எந்தத் தப்பும் செய்யவில்லை என்பதை வீட்டில் முதலில் நீ சொல்.

"ஆயிரம் ரூபாய் கட்டினா ஒரு வாரம் தள்ளிவைக்கிறோம்" என்பார்கள், கட்டாதே. கட்டுகிற ஆள் என்று தெரிந்தால் மிரட்டல் கூடுமே தவிரக் குறையாது.

ஓமலூரிலிருந்து: எங்க மகளிர் குழுவுல வாரத் தவணை கட்டலைன்னா ராத்திரி எட்டு மணிக்கு வீட்டு வாசல்ல வந்து உக்காந்துக்கறாங்க. நீங்க 7 மணி வரைக்கும்னு சொல்றீங்க. அப்ப ஏழு வரைக்கும் உக்காரலாமா?

இல்லை அம்மா, உங்களுடையது மைக்ரோ பைனான்ஸ் கடன், அதற்கு விதி இன்னும் கடுமை. காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் தொந்தரவு செய்யக்கூடாது. வசூல் பொதுவாகப் பேசிவைத்த இடத்தில்தான் நடக்க வேண்டும். தொடர்ந்து இரண்டு தடவையோ அதற்கு மேலோ நீங்கள் அங்கே வராவிட்டால்தான் வீட்டுக்கு வரலாம். கடன் அட்டையில் குறைதீர் எண் அச்சிட்டிருக்கும், அதில் சொல்லுங்கள்.

மறுபடி செவ்வாய்ப்பேட்டையிலிருந்து: மெயில் போட்டுட்டேன் சார், புகார் எண் வந்துடுச்சு. ஏஜென்ட் இப்ப "40,000 கட்டு, மொத்தமா முடிச்சுக்கலாம்"ங்கறார். இன்னொண்ணு, முதலாளி என்னை நாளையிலருந்து வர வேண்டாம்னா அதுக்கு வங்கிகிட்ட ஏதாவது கேக்க முடியுமா?

வங்கியின் மெயிலிலிருந்தோ லெட்டர்ஹெட்டிலிருந்தோ செட்டில்மென்ட் கடிதம் வராமல் ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டாம். தொகை, கடைசித் தேதி, "இதோடு கணக்கு முடிந்தது" என்ற வரி மூன்றும் அதில் இருக்க வேண்டும். பணம் கார்டு கணக்குக்குத்தான் போக வேண்டும், ஏஜென்ட் கையில் அல்ல. சிபிலில் "செட்டில்டு" என்று விழும், அடுத்த கடன் சுலபமாகக் கிடைக்காது. தவணையில் முழுசாகக் கட்ட முடிந்தால் அதுவே மேல்.

வேலை விஷயத்தில் உறுதியாக எதுவும் சொல்ல மாட்டேன். மன உளைச்சலுக்கு இழப்பீடு தர ஆம்புட்ஸ்மேனுக்கு அதிகாரம் உண்டு. ஆனால் அந்த ஒரு போனால்தான் வேலை போனது என்று காட்ட, இன்ன எண்ணிலிருந்து இன்னது சொன்னார்கள் என்று முதலாளி எழுதித் தர வேண்டும். சின்னப் பட்டறைக்காரர்கள் வங்கி சமாச்சாரத்தில் கையெழுத்துப் போடத் தயங்குவார்கள். அவர் போனில் அந்த அழைப்பு இன்னும் இருக்கும், குறைந்தபட்சம் அதையாவது இன்றே ஸ்கிரீன்ஷாட் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.