நுரையீரலைச் சுற்றிச் சேர்ந்த நீரில் சர்க்கரை 28: நல்லதா?

"அப்பாவுக்கு 62 வயது, பாம்பனில் இருக்கிறோம். சுகர் உண்டு. 5 நாளாகக் காய்ச்சல். நெஞ்சில் நீர் எடுத்தார்கள். அதில் சர்க்கரை 28, ரத்தத்தில் 210. நீரில் குறைவாக இருப்பது நல்லதுதானே?"

இல்லை தம்பி, இங்கே குறைவு நல்லதல்ல. இதயக் கோளாறால் சேரும் நீரில் சர்க்கரை கிட்டத்தட்ட ரத்த அளவிலேயே இருக்கும். ரத்தத்தில் உள்ளதில் பாதிக்கும் கீழே போனாலோ, 60-க்குக் குறைந்தாலோ, உள்ளே ஏதோ அதைத் தின்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். அப்பாவுக்கு ஏழில் ஒரு பங்குகூட இல்லை. சாப்பிட்ட பிறகு ரத்தம் எடுத்திருந்தாலும் இவ்வளவு இடைவெளி வராது.

காய்ச்சலும் இருப்பதால் முதல் சந்தேகம் சீழ் பிடிப்பதுதான். கிருமிகளும் வெள்ளணுக்களும் சர்க்கரையைத் தின்றுவிடும். காசநோய், புற்றுநோய், முடக்குவாதம் ஆகியவற்றிலும் குறையலாம். அதனால் இந்த ஒரு எண்ணை வைத்து நோயின் பெயரைச் சொல்ல முடியாது.

ஒன்றை மட்டும் விசாரியுங்கள். நீரை எந்தக் குழாயில் அனுப்பினார்கள்? ஃபுளோரைடு போட்ட சாம்பல் மூடிக் குழாய் என்றால் சரி. சாதாரணக் குழாயில் ராமநாதபுரமோ மதுரையோ போய் மணிக்கணக்கில் கிடந்திருந்தால், வெள்ளணுக்கள் குழாய்க்குள்ளேயே சர்க்கரையைத் தின்று, எண் பொய்யாகக் குறைந்திருக்கும். ஆனால் குழாய் மேல் பழிபோட்டு வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள், காய்ச்சல் இருக்கிறதே.

இன்றே மருத்துவரிடம் போய் நீரின் அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச், கிருமி வளர்ப்பு, காசநோயைக் கண்டறிய உதவும் ஏடிஏ, செல் பரிசோதனை முடிவுகளைக் கேளுங்கள். பிஎச் 7.2-க்குக் கீழே என்றால் மாத்திரை, ஊசி மட்டும் போதாது. பெரும்பாலும் நெஞ்சில் குழாய் வைத்து வடிக்க வேண்டிவரும். மூச்சு வாங்கினால் வரிசைக்குக் காத்திருக்காமல் நேரே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள்.