ஏலம் ரீலா, மசாலா ரீலா, எதை விடறது?

"காசிமேடு மீன் ஏலம் ரீல் ரீச் 40,000, ஷேர் 900, சேவ் 40, ப்ரொஃபைல் விசிட் 80. வஞ்சிரம் மசாலா தடவுற ரீல் ரீச் 2,000, ஷேர் 15, சேவ் 60, விசிட் 70. நான் விக்கிறது மசாலா பொடி. எதை நிறுத்தணும்?"

மசாலா ரீலை நிறுத்தாதீங்க, வாரம் ஒண்ணு போடுங்க. ஏலத்தை இப்ப இருக்கற மாதிரி அப்படியே திரும்பப் போடாதீங்க.

மொத்தத்த பாக்காம ஆயிரம் பேருக்கு எத்தனைன்னு வகுத்துப் பாருங்க. ஏலத்துல ஆயிரத்துக்கு 1 சேவ், 2 விசிட்டு, மசாலாவுல 30 சேவ், 35 விசிட்டு, அதாவது பாத்தவங்க சமைக்கற எண்ணத்துல எடுத்து வச்சிருக்காங்க, யார் விக்கறாங்கன்னும் உள்ள வந்து பாத்திருக்காங்க.

ஏலம் ஏன் ஓடுச்சுன்னா அந்த 900 ஷேர்தான்னு தோணுது. கூவுறதக் கேட்டு சிரிச்சிட்டு ஃப்ரெண்டுக்கு தட்டி விட்டுட்டு போயிருப்பாங்க, உங்க கடை யார் கண்ணுலயும் பட்டிருக்காது.

ரீல்ல View insights தட்டி, ஃபாலோயர் எத்தனை, வெளியாள் எத்தனைன்னு பாருங்க. ஏலத்துல முக்காவாசி வெளியாளா இருந்தா, அடுத்த தடவ ஏலத்துல எடுத்த அதே மீன உங்க பொடி தடவி தவால போடற வரைக்கும் ஒரே ரீலா எடுங்க. விசிட் ஏறலன்னா ஏலத்த மொத்தமா விட்டுடுங்க.

இன்னொண்ணு, ரெண்டு ரீலையும் போட்ட ஏழாவது நாள் கணக்க வச்சே ஒப்பிடுங்க, பழைய ரீலுக்கு சேர நாள் அதிகம். 60 சேவ் ஒரே ரீல்ல வந்தது, இன்னும் மூணு மசாலா ரீல் போட்டாதான் உறுதியா தெரியும். காசு குடுத்து பூஸ்ட் பண்ணத இதுல சேக்காதீங்க.