அப்பாவுக்கும் ஒரு சீசன் இருக்கு தம்பி

"அக்கா, எனக்கு 27 வயசு, சொந்த ஊர் விழுப்புரம் பக்கம். சென்னை ஃபர்ஸ்ட் டிவிஷன் லீக்ல ஃபாஸ்ட் பவுலர். கிளப்ல ரிடெய்னர் மாசம் 25,000, ஆகஸ்ட்ல இருந்து மார்ச் வரைக்கும் எட்டு மாசம். மேட்ச் ஃபீஸ் 3,000, போன சீசன்ல 12 மேட்ச் ஆடினேன். ரெண்டுலயும் பத்து சதவீதம் பிடிச்சிட்டுதான் தருவாங்க. லீவுல டென்னிஸ் பால் டோர்னமென்ட் ஆடினதுல 44,000 வந்துச்சு. ரூம் வாடகை 6,000, மெஸ் 6,000, பைக் இஎம்ஐ 7,200. வீட்டுக்கு மாசம் 8,000 கரெக்டா அனுப்பிடுவேன், சீசன் இல்லாத நாலு மாசம் மட்டும் அப்பா எனக்கு 10,000 அனுப்புவாரு, அவர் டெய்லர். பிகாம்ல ஒரு அரியர் இருக்கு. ரஞ்சிக்கு சான்ஸ் இருக்குன்னு கோச் சொல்றாரு. தெரிஞ்ச ஏஜென்ட் அண்ணன் வருஷம் 40,000 வீதம் 15 வருஷம் கட்டற பாலிசி ஒண்ணு போடச் சொல்றாரு, ரிட்டயர்மென்ட்டுக்கு நல்லதாம். போடலாமா?"

தம்பி, பாலிசிய அப்புறம் பாக்கலாம். "நாலு மாசம் மட்டும்"னு ஒரு வார்த்தை எழுதியிருக்க பாரு, அங்கதான் நான் நின்னுட்டேன். எட்டு மாசம் எட்டாயிரம் அனுப்பினா 64,000, நாலு மாசம் பத்தாயிரம் வாங்கினா 40,000. கழிச்சா 24,000. பன்னெண்டால வகுத்தா மாசம் 2,000. நீ வீட்டுக்குக் குடுக்கறது அவ்ளோதான், மாசம் எட்டாயிரம் அனுப்பற புள்ளன்னு ஊர்ல உங்கம்மா சொல்லிக்கிட்டு இருப்பாங்க, நீயும் அப்படித்தான் நினைச்சிட்டு இருக்க.

சரி, அது எந்த நாலு மாசம்? ஏப்ரல், மே, ஜூன், ஜூலை. டெய்லர் வீட்டுப் புள்ளைக்கு இத நான் சொல்லணுமா? ஸ்கூல் யூனிஃபார்ம் தைக்கற சீசன் அதுதானே, ஏப்ரல் கடைசில துணி வர ஆரம்பிச்சா ஜூன்ல ஸ்கூல் திறந்து ரெண்டு வாரம் வரைக்கும் மனுஷன் மிஷின விட்டு எழுந்திருக்க மாட்டாரு, ராத்திரி பதினோரு மணிக்கும் காஜா எடுத்துக்கிட்டு இருப்பாரு. அத விட்டா தீபாவளி. வருஷத்துல அவர் கையில நாலு காசு சேர்ற நேரம் அந்த ரெண்டுதான், மத்த மாசமெல்லாம் ஜாக்கெட்டும் ஆல்ட்ரேஷனும். அந்த ரெண்டுல ஒண்ண மொத்தமா நீ எடுத்துட்ட. உன் சீசன்ல வந்த காச நீ செலவு பண்ணிட்ட, உனக்கு சீசன் இல்லாதப்ப அவரோட சீசன் காசையும் வாங்கிக்கிற. 27 வயசுப் புள்ள அப்பாவத் தாங்கலன்னாக்கூட நான் மன்னிப்பேன், அப்பா காசுல பைக் இஎம்ஐ கட்டிக்கிட்டு அதுக்கு வீட்டுக்கு அனுப்பறேன்னு பேர் வைக்கறது எனக்குப் பிடிக்கல.

இதுக்கெல்லாம் காரணம் ஒரே ஒரு தப்புக் கணக்கு, உன்னை மாதிரி லீக் பசங்க எழுதற எல்லா லெட்டர்லயும் பாக்கறேன். ரிடெய்னர மாசச் சம்பளம்னு நினைச்சிக்கறீங்க, அது வருஷத்துக்கு ஒரு தடவ வெளையற பயிர். கைக்கு வந்தது என்னன்னு பாரு. ரிடெய்னர் பிடிச்சது போக 22,500, எட்டு மாசத்துக்கு 1,80,000. மேட்ச் ஃபீஸ் 2,700 வீதம் 12 மேட்ச், 32,400. மொத்தம் 2,12,400. டென்னிஸ் பால் காச இதுல சேக்காத, அது மழை பெஞ்சா போச்சு, விரல்ல அடிபட்டா போச்சு. ஆக உறுதியான காசு பன்னெண்டு மாசத்துக்குப் பிரிச்சா 17,700. நீ 25,000 வாங்கற ஆள் கிடையாது தம்பி, பதினேழாயிரத்துச் சொச்சம் வாங்கற ஆள். செலவு மட்டும் ரூம், மெஸ், இஎம்ஐ, வீடுன்னு 27,200 போட்டு வச்சிருக்க.

அதனால முதல் வேலை, இன்னொரு சேவிங்ஸ் அக்கவுன்ட் ஆரம்பி. கிளப் காசு எல்லாம் பழைய அக்கவுன்ட்ல விழட்டும், அந்த கார்டையும் யூபிஐயையும் போன்ல இருந்து எடுத்துடு. மாசம் ஒண்ணாந்தேதி அதுல இருந்து புதுசுக்கு 17,000 தானா போற மாதிரி பேங்க்ல எழுதிக் குடு. சீசன்லயும் 17,000, மே மாசத்துலயும் 17,000. ஆகஸ்ட் முதல் சம்பளத்துல ஆரம்பிச்சா மார்ச் முடியறப்ப நாலு மாசத்துக்கானது பழைய அக்கவுன்ட்ல அப்படியே நிக்கும். ரூமும் மெஸ்ஸும் 12,000. பெட்ரோல், போன் 2,000. மிச்சம் மூவாயிரம் அப்பாவுக்கு, பன்னெண்டு மாசமும், திருப்பி வாங்காம. வருஷத்துக்கு 36,000 ஆச்சு, இப்ப குடுக்கற 24,000 விட அதிகம். மாசம் எட்டாயிரம் மூவாயிரமா குறைஞ்சா ஊர்ல கவுரவம் குறையும்னு தோணும், தோணட்டும்.

இந்தக் கணக்குல பைக்குக்கு இடமே இல்லன்னு கவனிச்சிருப்ப. வித்துடு. வித்த காசு லோனுக்குப் பத்தலன்னா மிச்சத்த இந்த வருஷ டோர்னமென்ட் காசுல அடைச்சுட்டு ஒரு பழைய ஸ்கூட்டர் வாங்கிக்க, கிட் பேக் ஸ்கூட்டர்ல முன்னாடி நல்லாவே நிக்கும்.

அடுத்தது அந்தப் பத்து சதவீதம். பிடிச்சிட்டுதான் தருவாங்கன்னு சும்மா எழுதிட்டுப் போயிட்ட. ரிடெய்னர் 2,00,000, மேட்ச் ஃபீஸ் 36,000, பத்து சதவீதம்னா 23,600. உன் வருமானத்துக்கு வரியே கிடையாது, ரிட்டர்ன் போட்டா அந்தக் காசு முழுசும் உன் அக்கவுன்ட்டுக்கு வரும். போட்டியா? போட்டிருந்தா லெட்டர்ல இருந்திருக்கும். இன்கம் டாக்ஸ் போர்ட்டல்ல உன் பான் நம்பர்ல லாகின் பண்ணி 26AS எடுத்துப் பாரு, கிளப் பிடிச்ச காச உன் பேர்ல கட்டியிருக்கான்னு அதுல தெரியும். கட்டலன்னா கிளப் அக்கவுன்டன்ட்கிட்ட போய் நில்லு. அந்த வருஷம் முடிஞ்சு வர்ற டிசம்பர் 31க்குள்ள ரிட்டர்ன் போட்டுடணும், அத விட்டுட்டா அப்புறம் லேட்டா போடற ரிட்டர்ன்ல ரீஃபண்ட் கேக்க முடியாது, தனியா மனு போடற வழி ஒண்ணு இருக்கு, பழைய வருஷத்துக்கு அத ஒரு ஆடிட்டர்கிட்ட கேளு. இது சம்பளம் இல்ல, ப்ரொஃபஷனல் ஃபீஸ்னு பிடிக்கறது, அதனால சம்பளக்காரங்க போடற சின்ன ஃபார்ம்ல போடக்கூடாது, முதல் தடவ ஆடிட்டர் கூடவே உக்காந்து போடு. ஃபீஸ் வாங்குவாரு, வாங்கட்டும்.

இப்ப ரஞ்சி. கோச் சொல்றது பொய்யின்னு சொல்ல மாட்டேன். ரஞ்சில பிளேயிங் லெவன்ல ஆடினா புதுப் பையனுக்கே ஒரு நாளைக்கு 40,000, நாலு நாள் மேட்ச்சுக்கு 1,60,000. ரெண்டு மேட்ச்ல உன் ஒரு வருஷச் சம்பாத்தியம் வந்துடும். இந்த ஒரு கணக்குதான் உங்க எல்லாரையும் முப்பத்திரண்டு வயசு வரைக்கும் மைதானத்துலயே கட்டிப் போட்டு வச்சிருக்கு. வந்தா பாக்கலாம், வந்த அன்னைக்கு அத மொத்தமா எஃப்டில போடு. வர்ற வரைக்கும் பட்ஜெட்ல அது ஜீரோ.

அந்தக் காலத்துல நிலைமை வேற. எங்க பெரிய அண்ணன் லீக் ஆடின ஆளுதான், பேங்க் டீம்ல எடுத்தாங்க, அப்பல்லாம் பேங்குங்க டீமுக்கு ஆள் எடுத்தா வேலையும் சேத்துக் குடுக்கும். கணுக்கால் போச்சு, கிரிக்கெட் போச்சு, ஆனா கவுன்டர்ல உக்காந்து அறுபது வயசு வரைக்கும் சம்பளம் வாங்கினாரு. உனக்குக் கிளப் குடுக்கறது அது இல்ல. ரயில்வே ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்கு வயசு 25 தாண்டக்கூடாது, அதுல சலுகையும் கிடையாது, உனக்கு அந்தக் கதவு ரெண்டு வருஷம் முன்னாடியே சாத்தியாச்சு. அப்ப அரியர் எழுதாம என்ன பண்ணிட்டு இருந்த? சீசன் இல்லாத நாலு மாசத்துல ஏப்ரல் பரீட்சை வருதே, யுனிவர்சிட்டில போய் இன்னும் எழுத டைம் இருக்கான்னு இந்த வாரமே கேளு. ஆடி முடிச்சு வேற வேலைக்குப் போறப்ப எத்தனை விக்கெட்னு எவனும் கேக்க மாட்டான், டிகிரி முடிச்சியான்னுதான் கேப்பான்.

நீ ஃபாஸ்ட் பவுலர்ங்கறதால இன்னொண்ணு. முதுகுல ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர் வந்தா பல மாசம் பந்தத் தொட முடியாது, முட்டில லிகமென்ட் கிழிஞ்சு ஆபரேஷன்னா ஒரு சீசனே போகும். அந்த மாசங்கள்ல ரிடெய்னர் வருமா? கிளப் செக்ரட்டரிகிட்ட கேட்டியா? வாய் வார்த்தையா இல்லாம பேப்பர்ல வாங்கு, எத்தனை மாசம், எந்தத் தேதில காசு, அடிபட்டா எத்தனை மாசம் தொடரும், வைத்தியச் செலவு யாரோடது. கேட்டா டீம விட்டுத் தூக்கிடுவாங்கன்னு பயப்படுவ. சீசன் நடுவுல கேக்காத, ஜூலைல அடுத்த வருஷத்துக்குக் கூப்பிடறாங்களே, அப்ப கேளு, அப்ப உன் பந்து அவங்களுக்கு வேணும். தனியா மெடிக்கல் இன்சூரன்ஸ் எடுக்கறப்ப தொழில்ங்கற இடத்துல கிரிக்கெட் ஆடறேன்னே எழுது. ஆக்சிடென்ட் பாலிசிங்க நிறையதுல காசுக்கு ஆடற விளையாட்டுல வர்ற காயத்துக்குக் குடுக்க மாட்டோம்னு சின்ன எழுத்துல இருக்கும், அந்தப் பக்கத்தத் திருப்பிப் படிக்காம கையெழுத்துப் போடாத.

ஏஜென்ட் அண்ணன் பாலிசி வேண்டாம். 27ல ஆரம்பிச்சா கடைசி பிரீமியம் கட்டறப்ப உனக்கு 41 வயசு. 41 வயசுல எந்த கிளப் உனக்கு ரிடெய்னர் குடுக்கும்? நீ வேகமா போடறது இன்னும் ஒரு அஞ்சு வருஷம்னு வச்சிக்க, அதுக்கு மேல ஓடற எந்தக் கடனும் எந்தத் தவணையும் உனக்கு ஆகாது, நடுவுல நிறுத்தினா கட்டினதுல பாதி கண்ணுல படாது. அதுக்குப் பதிலா ரீஃபண்ட் 23,600, டோர்னமென்ட் காசுல ஷூ, ஸ்பைக், பிசியோ போக பாதி 22,000, ரெண்டையும் வருஷா வருஷம் எஃப்டில போடு. முதல் வருஷ டோர்னமென்ட் காசு பைக் லோனுக்குப் போயிடும், அது தண்டம்னு நினைச்சிக்க. அப்படியே அஞ்சு வருஷம் போனா ரெண்டு லட்சத்துச் சொச்சம் இருக்கும், வட்டி தனி. ரிட்டயர்மென்ட்னெல்லாம் அதச் சொல்ல முடியாது. ஆனா மாசம் 17,000 வீதம் ஒரு வருஷச் செலவு 2,04,000. பந்த வச்சிட்டு அம்பயர் பரீட்சையோ கோச்சிங் லெவல் கோர்ஸோ கடை வேலையோ ஏதோ ஒண்ணு கத்துக்கற அந்த ஒரு வருஷம் அப்பாகிட்ட கை நீட்டாம இருக்கலாம்.

அந்த மே மாசப் பத்தாயிரத்த அப்பா எங்கேருந்து எடுத்தாருன்னு கேட்டியா? தையல் கூலியா, சீட்டா, அம்மா தோடா? இந்த ஞாயித்துக்கிழமை மேட்ச் இல்லன்னா ஊருக்குப் போ, மிஷின் பக்கத்துல உக்காந்து கேளு. அவர் என்ன சொன்னாருன்னு எனக்கு எழுது, அப்புறம் மத்தது பேசலாம்.