சிவப்பு விளக்கு எரிந்த பிறகு எத்தனை கிலோமீட்டர்?

"ஸ்பீடு பிரேக்கரில் காரின் அடிப்பகுதி இடித்தது. கொஞ்ச நேரத்தில் சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தது. ராத்திரி, மனைவி குழந்தைகள் வேறு இருந்தார்கள். 11 கி.மீ. ஓட்டி வீடு வந்தேன், இன்ஜின் சீஸ் ஆகிவிட்டது. வாரண்டி கிடையாது என்கிறார்கள். இன்சூரன்ஸில் இன்ஜினுக்கு அடியில் ஆயில் தங்கும் சம்புக்கு மட்டும் பணம் தருவார்களாம். இன்ஜின் ப்ரொடெக்ட் எடுத்திருக்கிறேன். சர்வீஸ் சென்டரில் மரியாதைகூட இல்லை. வழக்குப் போடலாமா?"

மரியாதை விஷயத்தை விட்டுவிடுங்கள். உங்கள் வழக்கு அந்த 11 கிலோமீட்டரில்தான் இருக்கிறது.

வாரண்டி என்பது உற்பத்திக் குறைபாட்டுக்கு. உங்கள் இன்ஜின் போனது வெளியிலிருந்து பட்ட அடியால். எச்சரிக்கையைக் கவனிக்காததால் மொத்த வாரண்டியும் ரத்தாகாது, இந்தச் சேதத்துக்கு மட்டும் கிடைக்காது.

இன்சூரன்ஸுக்கு வருவோம். இடித்ததால் சம்ப் உடைந்தது விபத்து, அதற்குப் பணம் உண்டு. ஆனால் நம் நாட்டு மோட்டார் பாலிசிகளில் ஒரு நிபந்தனை இருக்கிறது: பழுது நீக்காமல் தொடர்ந்து ஓட்டினால், அதனால் கூடும் சேதம் உரிமையாளர் பொறுப்பு. ஆயில் ஒழுகி இன்ஜின் கெட்டால் ப்ரொடெக்ட் ஆட்-ஆன் உதவும்தான், ஆனால் அதைக் கேட்கும்போதும் இதே நிபந்தனையைத்தான் காட்டுவார்கள். மஞ்சள் விளக்கு என்றால் வாதாட இடமுண்டு. சிவப்பு ஆயில் விளக்குக்கு அர்த்தம், உடனே நிறுத்து என்பதுதான். உங்கள் காரின் கையேட்டிலேயே அது இருக்கும்.

நான் பார்த்தவர்கள் விழுந்த குழி வேறு. ஒருவர் கிளெய்ம் படிவத்தில் "விளக்கு எரிந்ததும் நிறுத்திவிட்டேன்" என்று எழுதிக் கொடுத்தார். பல கார்களில் ஆயில் அழுத்தம் குறைந்ததும் P0524 போன்ற பிழைக் குறியீடு கம்ப்யூட்டரில் பதிவாகும், அப்போதைய வேகமும் ஆர்பிஎம்மும் சேர்ந்தே பதிவாகும். சில கார்களில் ஓடோமீட்டர் அளவும் நிற்கும். சேதத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பிய சர்வேயர் அந்தப் பதிவின் ஸ்கேன் பிரிண்டை நீட்டினார். தூரத்துக்காக மட்டும் குறைத்திருக்க வேண்டிய கிளெய்ம், பொய் சொன்னதற்காக முழுவதும் போனது. இன்னொருவர் கார் கம்பெனிக்கு "குறைபாடு" என்றும் இன்சூரன்ஸுக்கு "இடித்தது" என்றும் எழுதினார். இரண்டு கடிதங்களும் கோர்ட்டில் ஒன்றாக வந்து நின்றன.

அதனால் ஒரே கதையை, நடந்தபடி சொல்லுங்கள். ஸ்கேன் பிரிண்டை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சர்வேயர் பார்க்கும் முன் இன்ஜினைப் பிரிக்க விடாதீர்கள். பிரித்துவிட்டால் எந்தச் சேதம் எப்போது நேர்ந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

சர்வேயர் அறிக்கை இறுதித் தீர்ப்பு அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2009-லேயே சொல்லியிருக்கிறது. ஆனால் அதை எதிர்க்க ஆதாரம் வேண்டும். நீங்கள் சில நூறு மீட்டரில் நிறுத்தியிருந்தால் நானே போராடச் சொல்வேன். 11 கி.மீ. என்றால் சமரசம்தான் நல்லது. சம்புக்கு முழுப் பணமும், இன்ஜின் செலவில் ஒரு பங்கும் கேளுங்கள். நிபந்தனை மீறிய சில கிளெய்ம்களில் 75 சதவீதம் வரை கொடுக்கச் சொல்லி 2010-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அது வேறு வகை மீறல், உங்களுக்கு அப்படியே பொருந்தாது. பேரம் பேச உதவும், அவ்வளவுதான்.

மறுத்தால் காரணத்தோடு கடிதம் வாங்குங்கள். அதில் இல்லாத புதுக் காரணத்தை இன்சூரன்ஸ் கம்பெனி பின்னால் சேர்க்க கோர்ட்டில் விடமாட்டார்கள். இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் ஆம்பட்ஸ்மனிடம் போக அந்த மறுப்பிலிருந்து 1 வருடம், நுகர்வோர் ஆணையத்துக்கு 2 வருடம்.