ஷிம்லா ஆப்பிளா, நியூசிலாந்து ஆப்பிளா: எதற்குப் புகை அதிகம்?

கேள்வி: சென்னையில் ஷிம்லா ஆப்பிள் வாங்கினால், நியூசிலாந்து ஆப்பிளைவிடப் போக்குவரத்துப் புகை குறைவுதானே? தூரம் ரொம்பக் கம்மியாச்சே?

தூரத்தை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் எதில் ஏற்றி வருகிறது என்பதே கணக்கை மாற்றிவிடும்.

ஒரு டன் சரக்கை ஒரு கிலோமீட்டர் கொண்டுபோக, பெரிய டீசல் லாரி தோராயமாக 100 கிராம் கார்பன் டை ஆக்சைடு வெளியிடும். கன்டெய்னர் கப்பலுக்கு 15 கிராம் போதும். ஷிம்லாவிலிருந்து சென்னைக்குச் சாலை வழியே சுமார் 2,500 கி.மீ. ஆக, ஒரு கிலோ பழத்துக்கு 250 கிராம். நியூசிலாந்திலிருந்து கடல்வழி சுமார் 12,000 கி.மீ.; கணக்குப்படி 180 கிராம். குளிர்பதனக் கன்டெய்னருக்கு ஆகும் மின்சாரத்தையும் துறைமுகத்துக்கு வெளியே ஓடும் லாரிகளையும் சேர்த்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். லாரி பாதி காலியாக வந்தாலோ, திரும்பும்போது சுமையில்லாமல் போனாலோ ஷிம்லா பழத்தின் பங்கு இன்னும் ஏறும்.

விமானம் தனிக் கதை. அதே டன்னுக்கு, அதே கிலோமீட்டருக்கு 500 கிராமுக்கு மேல் போகும். சீக்கிரம் கெட்டுப்போகிற பெர்ரிப் பழங்கள்தான் பெரும்பாலும் அப்படி வருகின்றன. ஆப்பிளுக்கு அந்த அவசரம் கிடையாது.

அப்புறம், கடைக்கு நீங்கள் எப்படிப் போகிறீர்கள்? ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ. லிட்டருக்கு 50 கி.மீ. தரும் பைக்கில் போக வர 10 கி.மீ. ஓட்டி ஒரே ஒரு கிலோ ஆப்பிள் வாங்கினால் 460 கிராம். ஷிம்லாவிலிருந்து லாரி விட்டதைவிட அது அதிகம்!