ஒரே சட்டை, 17 வேரியன்ட்: அளவு, நிறம், காம்போ செட் குறித்த கேள்வி பதில்

ஆயத்த ஆடைக் கடைக்கான மென்பொருளில் பொருள்களையும் ஆர்டர்களையும் எப்படிப் பதிவு செய்வது என்று வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியுள்ளேன். எடுத்துக்காட்டுகள் அனைத்தும் வேட்டி, சட்டை, துண்டு விற்கும் ஒரே கடையிலிருந்து எடுக்கப்பட்டவை.

கேள்வி (கல்லூரி மாணவி): சட்டை டேபிளிலேயே அளவு, நிறம் என்று இரண்டு புலங்கள் சேர்த்தால் போதாதா? 40 அளவு வெள்ளைச் சட்டையும் 42 அளவு நீலச் சட்டையும் தனித்தனிப் பொருள்கள்தானே?

பதில்: தனித்தனிப் பொருள்கள் என்பது சரி. அலமாரியில் இருப்பதும், பார்கோடு ஒட்டப்படுவதும், எண்ணிப் பார்க்கப்படுவதும் "40, வெள்ளை" என்ற அந்த வேரியன்ட்தான். ஆகவே ஸ்டாக், பார்கோடு, விலை ஆகிய மூன்றும் வேரியன்ட் டேபிளில் இருக்க வேண்டும். ஆனால் துணியின் வகை, விளக்கம், பிராண்டு ஆகியவை எல்லா வேரியன்ட்டுக்கும் பொது என்பதால் அவற்றை மேலே ஒரு பொருள் டேபிளில் ஒரே முறை எழுத வேண்டும். இல்லையென்றால், விளக்கத்தில் ஒரு சொல்லைத் திருத்துவதற்குக்கூடப் பல வரிசைகளைத் தொட வேண்டியிருக்கும்.

இரண்டு புலங்கள் என்ற அமைப்பு சட்டை வரைக்கும் தாங்கும். வேட்டிக்கு 4 முழம், 8 முழம் என்ற நீளமும் கரையும் வந்தவுடன் புலங்கள் பெருகும், பாதி காலியாகவே கிடக்கும். எனவே தெரிவு (அளவு, நிறம், கரை) ஒரு டேபிள், தெரிவின் மதிப்பு (40, வெள்ளை) ஒரு டேபிள், வேரியன்ட்டையும் மதிப்பையும் இணைப்பது ஒரு டேபிள் என்று பிரிப்பது நல்லது.

இன்னொன்றையும் கவனியுங்கள். 5 அளவும் 4 நிறமும் என்றால் 20 சேர்க்கைகள் வரும். ஆனால் தயாரிப்பாளர் 17 மட்டுமே அனுப்புகிறார் என்றால், 17 வேரியன்ட்களை மட்டும் உருவாக்குங்கள். மென்பொருள் தானாகவே 20ஐயும் உருவாக்கிவிட்டால், தயாரிக்கப்படாத சட்டை கடைப்பக்கத்தில் "தீர்ந்துவிட்டது" என்று நிற்கும், வாடிக்கையாளர் வராத சரக்குக்காகக் காத்திருப்பார்.

கேள்வி (பல ஆண்டுகளாக டேட்டாபேஸ் பணியில் இருப்பவர்): இணைப்பு டேபிள் வைத்தால், ஒரே அளவும் நிறமும் கொண்ட இரண்டு வேரியன்ட் உருவாவதை `UNIQUE` தடுக்காதே. ட்ரிக்கர் எழுதுகிறீர்களா?

பதில்: சேர்க்கை பல வரிசைகளில் சிதறிக் கிடப்பதால் தடுக்காது என்பது உண்மை. நான் ட்ரிக்கர் எழுதுவதில்லை. மதிப்புகளின் ஐடிகளை ஏறுவரிசையில் அடுக்கிச் சேர்த்த ஒரு சாவியை வேரியன்ட்டிலேயே எழுதி வைக்கிறேன்:

```sql
CREATE TABLE variant (
  id         bigint PRIMARY KEY,
  product_id bigint NOT NULL,
  option_key text   NOT NULL,  -- '12-31'
  barcode    text   UNIQUE,
  UNIQUE (product_id, option_key)
);
```

ஓடூ மென்பொருளும் `combination_indices` என்ற புலத்தில் இதையேதான் செய்கிறது. ஐடிகளை வரிசைப்படுத்தத் தவறினால் `12-31`, `31-12` என இரண்டு சாவிகள் உருவாகித் தடை பயனற்றுப் போகும். தெரிவே இல்லாத துண்டுக்கு `NULL` இடாமல் வெற்றுச் சரத்தை இடுங்கள். போஸ்ட்கிரெஸ் இயல்பாக `NULL`களை ஒன்றுக்கொன்று சமமாகக் கருதுவதில்லை. ஆகவே `NULL` அனுமதிக்கப்பட்டால் இரட்டை வரிசைகள் எளிதில் நுழைந்துவிடும்.

கேள்வி (கடை உரிமையாளர்): ஒரு சட்டை, ஒரு வேட்டி, இரண்டு துண்டு சேர்த்து 1,300 ரூபாய்க்குச் செட் விற்கிறோம். பில்லில் ஒரே வரியாக வர வேண்டும். செட்டுக்கும் தனி ஸ்டாக் எண் கொடுத்தோம். இப்போது எந்தக் கணக்கும் ஒத்துவரவில்லை.

பதில்: செட்டின் ஸ்டாக் எண்ணை நீக்கிவிடுங்கள். அதே சட்டை தனியாகவும் விற்கப்படும்போது செட்டின் எண் குறைவதில்லை, செட் விற்கும்போது சட்டையின் எண் குறைவதில்லை. கணக்கு விலகிப்போவது இங்கேதான். ஸ்டாக் வேரியன்ட்டில் மட்டுமே இருக்கட்டும், செட்டின் இருப்பைத் தேவைப்படும் ஒவ்வொரு முறையும் கணக்கிட்டுக் காட்டுங்கள். 40 அளவு வெள்ளைச் சட்டை 6, வேட்டி 10, துண்டு 9 இருக்கின்றன என்று கொள்வோம். செட்டுக்கு இரண்டு துண்டு என்பதால் 9 துண்டுகள் 4 செட்டுக்கே போதும். சட்டையும் வேட்டியும் மீதமிருந்தாலும் அந்த அளவில் 4 செட்தான் விற்கலாம்.

ஆர்டரில் வாடிக்கையாளர் காணும் வரி ஒன்றே: "செட், 1, 1,300". அதன் கீழே உறுப்புகளுக்கென்று தனி டேபிள் ஒன்றை வைத்து, எந்த வேரியன்ட், எத்தனை, பங்குத்தொகை எவ்வளவு என்பதை விற்ற கணத்திலேயே எழுதிவிடுங்கள். உறுப்புகளையும் ஆர்டர் வரிகளாகவே சேமித்தால், மொத்தத் தொகையைக் கூட்டும் ஏதாவதொரு அறிக்கை செட்டை இரண்டு முறை எண்ணிவிடும். செட்டின் அமைப்பை மூல டேபிளிலிருந்து பிறகு படித்துக்கொள்ளலாம் என்றும் விடாதீர்கள். அடுத்த மாதம் இரண்டு துண்டை ஒன்றாகக் குறைத்தால் பழைய பில்களும் மாறிவிடும்.

பங்குத்தொகையைத் தனி விலைகளின் விகிதத்தில் பிரிக்கலாம். சட்டை 850, வேட்டி 475, துண்டுகள் 300 எனத் தனி விலை 1,625. செட்டின் விலை அதில் 80 சதவீதம். ஆகவே சட்டைக்கு 680, வேட்டிக்கு 380, துண்டுகளுக்கு 240 வரும். எல்லாச் செட்டும் இவ்வளவு சீராகப் பிரியாது. 1,000 ரூபாயை மூன்று சம பங்காக்கினால் ஒரு பைசா குறையும், அதைக் கடைசி உறுப்பில் சேர்த்துவிடுங்கள்.

கேள்வி (திருப்பூர் மொத்த வியாபாரி): எங்களிடம் பண்டல் என்றால் பெட்டி. ஒரே அளவில் 12 பனியன், அல்லது எஸ், எம், எல், எக்ஸ்எல் அளவுகளில் 1:2:2:1. இதற்கும் இதே முறைதானா?

பதில்: மேலே பேசியது வெவ்வேறு பொருள்கள் சேர்ந்த செட். உங்கள் முதல் வகைக்கு அது வேண்டியதில்லை. ஒரே வேரியன்ட் 12 என்பது வெறும் அலகு மாற்றம், டஜனில் விற்று எண்ணிக்கையில் கழித்தால் போதும். இரண்டாவது வகையில் நான்கு வேரியன்ட்களிலிருந்து சரக்கு போவதால் உறுப்பு டேபிள் தேவை. ஆனால் அந்தப் பெட்டி ஆலையிலேயே ஒட்டப்பட்டு, பிரிக்காமலேயே கைமாறுகிறது என்றால், அதற்கென்று ஒரு வேரியன்ட்டும் பார்கோடும் கொடுத்துப் பெட்டியாகவே எண்ணுங்கள். பெட்டியைப் பிரிக்கும் நாளில் "பெட்டி 1 குறைவு, பனியன் 6 கூடுதல்" என்று ஒரு பதிவு போடப்பட வேண்டும். பணியாளர்கள் அந்தப் பதிவைத் தவறாமல் போடும் இடத்தில் மட்டுமே இது நிலைக்கும்.

கேள்வி (டேட்டாபேஸ் நண்பர், மீண்டும்): செட் வாங்கியவர் சட்டையை மட்டும் திருப்பித் தந்தால்? 680 என்ற பங்குத்தொகைதானே விடை?

பதில்: கணக்கின்படி அதுவே விடை. ஆனால் கடைக்காரர்கள் பலர் வேறு விதமாகக் கேட்கிறார்கள். வாடிக்கையாளர் வைத்துக்கொண்ட வேட்டிக்கும் துண்டுகளுக்கும் தனி விலை 775. செட் கலைந்துவிட்டதால் தள்ளுபடி பொருந்தாது என்று கொண்டால், திருப்பித் தர வேண்டியது 525 மட்டுமே. இரண்டு முறைகளுக்கும் இடையே 155 ரூபாய் வேறுபாடு. வாங்கும்போதே விதியைப் பில்லில் தெரிவித்திருந்தால் இரண்டாவது முறையும் நியாயமே என்று சொல்வோர் உண்டு. நான் முதல் முறையின் பக்கம்தான், ஏனெனில் அந்தத் தொகை விற்ற கணத்திலேயே பதிவாகிவிட்டது, பின்னர் தனி விலை ஏறினாலும் மாறாது.

ஜிஎஸ்டி வரியை மட்டும் இந்தப் பங்குகளிலிருந்து கணக்கிடாதீர்கள். இந்தியாவில் 2017ஆம் ஆண்டின் மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 8ஆம் பிரிவின்படி, ஒரே விலையில் விற்கப்படும் செட் கலப்பு விநியோகமாகக் கருதப்பட்டால், உறுப்புகளில் எதற்கு மிக உயர்ந்த விகிதமோ அதுவே முழுச் செட்டுக்கும் பொருந்தும். ஒன்று முதன்மையாகவும் மற்றவை அதனுடன் இயல்பாகச் சேர்ந்தும் வரும் விற்பனையானால் முதன்மைப் பொருளின் விகிதம் பொருந்தும். உங்கள் செட் எந்த வகை என்பதைக் கணக்காளரிடம் முடிவு செய்துகொண்டு, அந்த விகிதத்தை ஆர்டர் வரியிலேயே சேமியுங்கள். சட்டை திரும்பி வரும்போது 680 ரூபாய்க்கான ஜிஎஸ்டியைக் குறைப்பதும் அந்த ஆர்டர் வரியில் உள்ள விகிதத்தின்படிதான், சட்டையின் இன்றைய விகிதத்தின்படி அல்ல.