தப்பு செய்தவர்தான், ஆனால் இவ்வளவா?

கேள்வி: ஒரு கட்டடத்தின் வரவேற்பறையில் துப்புரவு வேலை செய்யும் பெண்ணை ஒருவர் கத்தித் திட்டும் 40 நொடி வீடியோ எனக்கு வந்தது. "இவர் யாரென்று யாருக்காவது தெரியுமா?" என்று ஒரே ஒரு வரி எழுதிப் பகிர்ந்தேன். இரண்டே நாளில் அவர் பெயர், வேலை செய்யும் இடம் எல்லாம் வெளியே வந்து, வேலையும் போய்விட்டது. இப்போது அவர் மனைவியின் கணக்கிலும் போய்த் திட்டுகிறார்கள். அவர் செய்தது தப்புதானே? நான் எழுதியது ஒரு வரிதானே? பதிவை அழித்தால் போதுமா?

பதில்:

அழித்தால் மட்டும் போதாது, ஆனால் இன்றைக்கே அழியுங்கள். எப்படி என்று கீழே சொல்கிறேன்.

அவர் செய்தது தப்புதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் "தப்புதானே" என்ற கேள்விக்கு ஆமாம் என்று சொன்னால், அவருக்கு ஏதோ ஒரு விளைவு இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் முடிவாகிறது. எவ்வளவு, யார் கையால், எதுவரைக்கும் என்பவை தனித்தனிக் கேள்விகள். கூட்டமாகத் திட்டும்போது அந்த முதல் ஆமாமையே மற்ற எல்லாவற்றுக்கும் பதிலாக எடுத்துக்கொள்கிறோம்.

அளவைப் பார்க்க ஒரு எளிய வழி இருக்கிறது. வீடியோவே இல்லை, அந்தக் கட்டடத்தின் நிர்வாகி இதை நேரில் பார்த்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நியாயமான ஆளாக இருந்தால் என்ன செய்வார்? இரண்டு பேரையும் விசாரிப்பார், அந்த 40 நொடிக்கு முன்னால் என்ன நடந்தது என்று கேட்பார், இவர் இதற்கு முன்பும் இப்படி நடந்திருக்கிறாரா என்று பார்ப்பார். அப்புறம் அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்கச் சொல்வார், எழுத்தில் ஒரு எச்சரிக்கை கொடுப்பார், மறுபடி நடந்தால் உள்ளே விடமாட்டேன் என்பார். கொஞ்சம் கடுமையான நிர்வாகி என்றால் அவருடைய அலுவலகத்துக்கும் ஒரு கடிதம் போகும். இப்போது நடந்ததை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வேலை போயிருக்கிறது. எந்தத் தப்பும் செய்யாத மனைவி திட்டு வாங்குகிறார். அதைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது, பலர் இதைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை: இனிமேல் அவரை வேலைக்கு எடுக்க நினைப்பவர் யாராக இருந்தாலும், அவர் பெயரைத் தட்டித் தேடினால் முதலில் வரப்போவது இந்த வீடியோதான். நீதிமன்றம் கொடுக்கும் சிறைத் தண்டனைக்குப் பெரும்பாலும் ஒரு முடிவுத் தேதி உண்டு, இதற்கு இல்லை.

இங்கிலாந்தில் 1837 வரை ஒரு தண்டனை சட்டத்தில் இருந்தது. குற்றவாளியின் கழுத்தையும் கைகளையும் மரச்சட்டத்தில் பூட்டிப் பொது இடத்தில் நிற்கவைப்பார்கள். எத்தனை மணி நேரம் என்பதை நீதிமன்றம் சொல்லும், எதை எறிவது என்பதைக் கூட்டம் முடிவு செய்யும். 1756-ல் லண்டனில் இப்படி நிறுத்தப்பட்டவர்களில் ஒருவர் அங்கேயே கல்லடி பட்டுச் செத்தார். அவர் நல்லவர் இல்லை. அரசு கொடுக்கும் வெகுமதிப் பணத்துக்காக மற்றவர்கள் மேல் பொய்க் குற்றம் சாட்டிய கும்பலைச் சேர்ந்தவர். ஆனால் அவருக்கு விதிக்கப்பட்டது மரண தண்டனை இல்லை. கல் எறிந்த ஒவ்வொருவரும் தன் கையில் இருந்த ஒரு கல்லைத்தான் பார்த்தார்கள், மொத்தம் எத்தனை விழுந்தது என்று எண்ணுவது யாருடைய வேலையாகவும் இல்லை.

உங்கள் "ஒரு வரிதானே" இங்கேதான் சிக்குகிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் டகுயா சவோகா, பெனுவா மொனான் இருவரும் 2018-ல் வெளியிட்ட ஆய்வில் இதைச் சோதித்தார்கள். தப்பான ஒரு பதிவுக்கு ஒருவர் தனியாகக் கண்டனம் எழுதினால் படிப்பவர்களுக்கு அது மெச்சத்தக்கதாகப் படுகிறது. அதே மாதிரிக் கண்டனம் பல பேருடைய கண்டனங்களோடு சேர்ந்து நின்றால் அடாவடியாகப் படுகிறது, தப்பு செய்தவர் மேல் இரக்கமும் கூடுகிறது. எழுதியவரின் எண்ணத்தில் எந்த மாற்றமும் இல்லை, சுற்றி எத்தனை பேர் என்பது மட்டும்தான் மாறியது. அதனால் உங்கள் வரியைத் தனியாக எடை போட்டு லேசாக இருக்கிறது என்று சொல்ல முடியாது.

இன்னொன்று, இது உங்களுக்குப் பிடிக்காது, ஆனாலும் சொல்கிறேன். நீங்கள் அவரைக் கேவலமாகத் திட்டியிருந்தால்கூட இவ்வளவு நடந்திருக்காது. திட்டு, ஏற்கெனவே இருக்கிற திட்டுகளோடு ஒன்றாகப் போய்ச் சேரும். "இவர் யார்" என்ற கேள்விதான் முகத்தைப் பெயராக மாற்றுகிறது. பெயர் கிடைத்தால் அலுவலகம், அலுவலகம் கிடைத்தால் வீடு, வீடு தெரிந்தால் மனைவி. வேலை போகும் என்று உங்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்காது, அதை ஏற்கிறேன், அந்த முடிவு அவருடைய நிறுவனத்தின் பொறுப்பு. ஆனால் பெயர் கேட்டால் பெயர் வரும் என்பது தெரியும் அல்லவா? உங்கள் பங்கு அவ்வளவு. அதற்குக் குறைவும் இல்லை, நடந்த மொத்தமும் உங்கள் தலையில் இல்லை.

சரி, செய்ய வேண்டியது. முதலில் உங்கள் பதிவையும் அதன் கீழே வந்த பதில்களையும் தேதியோடு படம் பிடித்து உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். நாளை வழக்கு என்று வந்தால், ஆதாரத்தை அழித்தீர்கள் என்ற பேச்சு வரக் கூடாது. அப்புறம் பதிவை நீக்குங்கள். பேசாமல் நீக்கிவிட்டுப் போகாமல், "நான் பகிர்ந்த வீடியோவை நீக்கிவிட்டேன், அவர் பெயரையும் குடும்பத்தையும் தேடிப் போகாதீர்கள்" என்று இரண்டு வரி எழுதுங்கள். அதில் பெயரோ, வீடியோவோ, இணைப்போ இருக்கவே கூடாது. இருந்தால் அணைகிற தீயை நீங்களே ஊதியதாக ஆகும். உங்களிடமிருந்து எடுத்துப் பகிர்ந்தவர்களில் தெரிந்தவர்களுக்குத் தனிச் செய்தி அனுப்பி நீக்கச் சொல்லுங்கள். அவருக்கு மன்னிப்புக் கடிதம் எழுதினால் தனியாக, சுருக்கமாக எழுதுங்கள், பதிலை எதிர்பார்க்காதீர்கள். ஊர் பார்க்க மன்னிப்புக் கேட்டால் மறுபடி அவர்தான் நடுவில் நிற்பார்.

அவருடைய நிறுவனத்துக்கும் ஒரு கடிதம் போடலாம்: பகிர்ந்தவர்களில் நானும் ஒருவன், எனக்குக் கிடைத்தது 40 நொடிதான், முன்பின் தெரியாது, உங்கள் விசாரணையில் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள் என்று. விசாரணை என்று ஒன்று நடந்திருந்தால்! தொலைபேசி விடாமல் ஒலிக்கிறது என்பதற்காக, அந்தப் பெண்ணிடமும் கேட்காமல், இவரிடமும் கேட்காமல் மாலைக்குள் ஆளை வெளியே அனுப்பிவிட்டு "எங்கள் விழுமியங்கள்" என்று அறிக்கை விடும் நிறுவனங்கள்தான் அதிகம். அந்தப் பெண்ணுக்கு இதனால் என்ன கிடைத்தது என்று எந்த அறிக்கையிலும் பார்க்க முடியாது.

இங்கே இரண்டு வகை ஆட்களைப் பற்றி எச்சரிக்க வேண்டும், இவர்களை எவ்வளவு சொன்னாலும் தகும். ஒன்று, கோபத்தை வைத்தே பிழைக்கும் பக்கங்கள். வீடியோவின் முன்னும் பின்னும் வெட்டி, இசை சேர்த்து, சிவப்பு எழுத்தில் தலைப்புப் போடுவார்கள், பார்வைகள் ஏற ஏற விளம்பரப் பணம் வரும். இப்போது உங்களுக்கும் செய்தி அனுப்பி, "முழு விவரம் கொடுங்கள், நியாயம் வாங்கித் தருகிறோம்" என்பார்கள். "வருந்துகிறேன்" என்று நீங்கள் சொல்வதும் அவர்களுக்கு இரண்டாம் பாகம்தான். ஒரு வார்த்தை பதில் எழுதாதீர்கள். இரண்டாவது, "இணையத்திலிருந்து உங்கள் பெயரைத் துடைத்துத் தருகிறோம்" என்று அந்தக் குடும்பத்தைத் தேடி வருபவர்கள். முன்பணம் வாங்குவார்கள், மாதக் கட்டணம் என்பார்கள். ஒரு பக்கத்தை எடுக்க அதை வைத்திருப்பவரால்தான் முடியும். தேடல் முடிவிலிருந்து விலக்கத் தேடுபொறி நிறுவனத்தால்தான் முடியும், அதற்கான கோரிக்கைப் படிவம் இலவசம். ஐரோப்பாவில் 2014-ல் வந்த நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு அங்கே அப்படி விலக்கக் கோருவது சட்ட உரிமையாகவே இருக்கிறது. ஒருவரை அவமானப்படுத்தும் பக்கத்தை நடத்திக்கொண்டே அதை எடுக்கவும் காசு கேட்கும் தளங்களும் உண்டு, அதனால் பணம் என்ற பேச்சு வந்த உடனே அந்தக் குடும்பம் ஒரு வழக்கறிஞரைத்தான் பார்க்க வேண்டும்.

மனைவியின் கணக்கில் வரும் திட்டுகளை நீங்களும் புகார் செய்யலாம். "எனக்குப் பிடிக்கவில்லை" என்ற பொத்தானைத் தட்டினால் ஒன்றும் நடக்காது. துன்புறுத்தல், தனிப்பட்ட தகவல் வெளியீடு என்ற வகைகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு பதிவாகக் கொடுங்கள். "எங்கள் விதிகளை மீறவில்லை" என்று நொடியில் ஒரு பதில் வரும், மனிதர் யாரும் படித்திருக்க மாட்டார்கள். மேல்முறையீடு செய்யுங்கள். ஆயிரம் பேரை ஒருவர் மேல் ஏவிவிடுவதற்கு ஒரு தட்டு போதும், அதை நிறுத்த பதினைந்து படிவம் நிரப்ப வேண்டும் என்று இதைக் கட்டியவர்கள் மேல் எனக்கு ஆத்திரமாக வருகிறது.

அப்படியானால் யாரையுமே பெயர் சொல்லி வெளியே கொண்டுவரக் கூடாதா என்று கேட்பீர்கள். கொண்டுவர வேண்டிய இடம் ஒன்று உண்டு, அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் பதிலைத் தூக்கிக்கொண்டு போய்ப் பாதிக்கப்பட்டவர்களின் வாயை அடைக்க யாரும் பயன்படுத்தக் கூடாது. ஒருவர் மற்றவர்கள் மேல் அதிகாரம் உள்ள இடத்தில் இருக்கிறார், திரும்பத் திரும்ப அதே தீங்கைச் செய்கிறார், உள்ளே கொடுத்த புகார்கள் அமுக்கப்பட்டன அல்லது புகார் கொடுத்தவர்கள்தான் பழிவாங்கப்பட்டார்கள், அடுத்து இன்னொருவர் பாதிக்கப்படப் போகிறார் என்றால், பெயரைச் சொல்வதுதான் மிச்சமிருக்கும் ஒரே வழி. அப்போது கோபம் பெரிதாக இருப்பதும் நியாயம், தீங்கும் பெரிது, தடுக்க வேறு ஆள் இல்லை. மாணவர்களிடம் அத்துமீறும் ஆசிரியரை நிர்வாகமே காப்பாற்றுகிறது என்றால் "பொறுமையாக மனுக் கொடுங்கள்" என்று நான் சொல்லமாட்டேன். அங்கேயும் பிள்ளைகளின் படமோ வீட்டு முகவரியோ தேவையில்லை. இன்னது நடந்தால் நிறுத்துவோம் என்று ஒரு முடிவும் முதலிலேயே சொல்லப்பட வேண்டும்: விசாரணை, இடைநீக்கம், பாதிக்கப்பட்டவருக்கு ஈடு, எதுவானாலும். உங்கள் வீடியோவில் இருப்பது ஒரு நாள், ஒரு சம்பவம். நிர்வாகியிடம் யாரும் போய்ப் பார்க்கவே இல்லை. அந்த விதிவிலக்கு இங்கே பொருந்தாது. முன்பும் பலரிடம் இப்படித்தான் நடந்தார், சொல்லியும் பயனில்லை என்று நாளைக்குத் தெரியவந்தால் பெயர் சொன்னதைப் பற்றி என் கருத்து மாறும், மனைவி விஷயத்தில் மாறாது.

கடைசியாக அந்தப் பெண். உங்கள் கேள்வியில் அவர் முதல் வரியோடு போய்விட்டார். அவர் முகமும் அந்த வீடியோவில் இருக்கிறது, அழுததும் இருக்கலாம், யாரும் அவரைக் கேட்டுப் பகிரவில்லை. கட்டட நிர்வாகம் வழியாக, அவர் விரும்பினால் மட்டும், தொடர்புகொள்ளுங்கள். வீடியோ இருக்கட்டும் என்கிறாரா, போகட்டும் என்கிறாரா என்று கேளுங்கள். போகட்டும் என்றால், தனியுரிமைப் புகாரைப் படத்தில் இருப்பவரே கொடுக்கும்போதுதான் தளங்கள் பெரும்பாலும் எடுத்துக்கொள்கின்றன, நீங்கள் அவருக்காகக் கொடுப்பது செல்லாமல் போகலாம். அவர் பெயரில், அவர் கணக்கிலிருந்து, இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு பிரதியின் இணைப்பையும் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும். அந்த இணைப்புகளைத் தேடிப் பட்டியல் போட்டுக் கொடுக்கும் வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.